ஒரு வகுத்தல், ஒரு பெருக்கல்: திரையில் படம் திரும்பும் கணக்கு

பைத்தான் கற்கத் தொடங்கியவர் படம் வரையும் சின்ன நிரல் ஒன்றை எழுதிப் பார்க்க நினைத்தால், அவர் கைக்கு முதலில் எட்டுவது பெரும்பாலும் டிகின்டர்தான். அதிலுள்ள கேன்வாஸில் கோடோ முக்கோணமோ பலகோணமோ, எதையும் ஓரிரு வரியில் வரைந்துவிடலாம். வரைந்ததை நகர்த்த `move` இருக்கிறது. பெரிதாக்க, சிறிதாக்க `scale` இருக்கிறது. திருப்புவதற்கு? டிகே 8.6 பதிப்பில் எழுத்துகளைச் சாய்க்க மட்டும் ஒரு வழி உண்டு. பலகோணத்தைத் திருப்ப எந்தக் கட்டளையும் கிடையாது. ஒவ்வொரு முனையும் எங்கே போய் நிற்க வேண்டும் என்பதை நிரல் எழுதுபவரே கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும்.

உதவி தேடிப் போனால் சைன், காஸ் நிரம்பிய இரண்டுக்கு இரண்டு அணி ஒன்றைக் காட்டுவார்கள். எந்த இடத்தில் கழித்தல் குறி வரும் என்பது எப்போதும் குழப்பம். தமிழ்நாட்டுப் பிளஸ் டூ கணிதப் புத்தகத்தில் முதல் பாடம் அணிகள், இரண்டாவது பாடம் கலப்பு எண்கள். படத்தைத் திருப்ப எல்லோரும் முதல் பாடத்தையே புரட்டுகிறார்கள். அதே வேலையை இரண்டாவது பாடம் இன்னும் குறைந்த எழுத்தில் முடித்துக் கொடுக்கும். அதுவும் சுட்டியால் பிடித்து இழுத்துப் படத்தைத் திருப்பும் வசதி வேண்டுமென்றால், கோணம் என்ற ஒன்றையே தொடாமல் முடித்துவிடலாம்.

கலப்பு எண் என்றதும் பயப்பட வேண்டியதில்லை. இந்த வேலையைப் பொறுத்தவரை அது ஒரு புள்ளி, அவ்வளவுதான். திரையில் இடமிருந்து 300, மேலிருந்து 200 பிக்சல் தொலைவிலுள்ள புள்ளியை பைத்தானில் `300+200j` என்று எழுதலாம். பள்ளிப் புத்தகத்தில் i என்று இருப்பதை பைத்தான் மின்பொறியாளர்கள் வழக்கப்படி j என்கிறது. மதிப்புகள் மாறிகளில் இருந்தால் `complex(x, y)` என்று சேர்த்துக்கொள்ளலாம். திரும்பப் பிரித்தெடுக்க `z.real`, `z.imag`. தனியாக எந்த நூலகத்தையும் இறக்குமதி செய்ய வேண்டாம். இரண்டு மாறிகளாகத் தூக்கிக்கொண்டு அலைந்த ஒரு புள்ளி இப்போது ஒரே மாறிக்குள் வந்துவிட்டது. இரண்டு கலப்பு எண்களைக் கூட்டினால் புள்ளி நகரும். கழித்தால் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குப் போகும் தொலைவும் திசையும் சேர்ந்து கிடைக்கும்.

விஷயம் பெருக்கலில்தான் இருக்கிறது.

j-யை j-யால் பெருக்கினால் −1. இந்த ஒரு விதி போதும். `3+1j` என்ற புள்ளியை j-யால் பெருக்கிப் பார்க்கலாம். மூன்று j, அதோடு j-யின் வர்க்கம், ஆக `-1+3j`. வலப்பக்கம் 3, குறுக்கே 1 என்றிருந்த புள்ளி, இடப்பக்கம் 1, குறுக்கே 3 என்று மாறியிருக்கிறது. தாளில் குறித்துப் பார்த்தால் தெரியும், மூலப்புள்ளியிலிருந்து அதே தூரத்தில், சரியாக 90 பாகை திரும்பி நிற்கிறது. இன்னொரு முறை j-யால் பெருக்கினால் `-3-1j`, அதாவது நேர் எதிர்ப்பக்கம். எந்தப் புள்ளியை எடுத்தாலும் இதுதான் நடக்கும். 2 என்ற சாதாரண எண்ணால் பெருக்கினால் புள்ளி திரும்பாது, இரண்டு மடங்கு தள்ளிப் போகும்.

இந்த இரண்டையும் சேர்த்தால் மீதி எல்லாம் தானாக வந்துவிடும். `1.2+1.6j` என்ற எண்ணால் ஒரு புள்ளியைப் பெருக்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புள்ளி இருக்கும் திசையிலேயே 1.2 மடங்கு போய், அங்கிருந்து செங்குத்தாகத் திரும்பி 1.6 மடங்கு போகிறோம். ஒரு செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள் இவை. 1.2-இன் வர்க்கம் 1.44, 1.6-இன் வர்க்கம் 2.56, கூட்டினால் 4, வர்க்கமூலம் 2. ஆகப் புள்ளி இரண்டு மடங்கு தூரத்துக்குப் போகிறது. திரும்பிய கோணம் சுமார் 53 பாகை. தூரம் 1, 10, 1000 எதுவானாலும் முக்கோணத்தின் வடிவம் மாறாததால், படத்திலுள்ள எல்லாப் புள்ளிகளும் இதே அளவு திரும்பி, இதே மடங்கு பெருகும். பாடப்புத்தகம் மட்டு என்றும் வீச்சு என்றும் சொல்வது இந்த இரண்டையும்தான். பெருக்கும்போது மட்டுகள் பெருக்கப்படும், வீச்சுகள் கூட்டப்படும்.

இதை முதலில் தெளிவாக எழுதியவர் பேராசிரியர் அல்லர், நில அளவையாளர். நார்வேயில் பிறந்து டென்மார்க்கை அளந்து வரைபடம் தயாரிக்கும் பணியில் இருந்த காஸ்பர் வெஸல், 1797-இல் டேனிஷ் அரச அறிவியல் கழகத்தில் ஒரு கட்டுரையை அளித்தார். 1799-இல் அது அச்சானது. நீளமும் திசையும் சேர்ந்த கோடுகளை எப்படிக் கூட்டுவது, எப்படிப் பெருக்குவது என்பதே அவருடைய கேள்வி. களத்தில் சங்கிலி பிடித்து அளந்தவருக்கு அது வேலை சார்ந்த கேள்வி. கட்டுரை டேனிஷ் மொழியில் இருந்ததால் கணித உலகம் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் அதைக் கவனிக்கவே இல்லை. இதற்கிடையே 1806-இல் பாரிஸில் ஆர்கண்ட் அதே கருத்தைத் தனியாகக் கண்டு வெளியிட்டதால், கலப்பெண்களைக் குறிக்கும் தளத்துக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

இனி நிரலுக்கு வரலாம். பெருக்கல் எப்போதும் மூலப்புள்ளியைச் சுற்றியே திருப்பும். டிகின்டரில் மூலப்புள்ளி சாளரத்தின் இடது மேல் மூலை. புள்ளிகளை அப்படியே பெருக்கிவிட்டால் படம் அந்த மூலையைச் சுற்றிப் பறந்து திரைக்கு வெளியே போய்விடும். புதிதாக எழுதுபவர் முதலில் காணும் கோளாறு இதுதான். படம் காணாமல் போனால் பெருக்கலைச் சந்தேகிக்க வேண்டாம், நடுப்புள்ளியைக் கழித்தோமா என்று பார்த்தால் போதும். நடுப்புள்ளியைக் கழித்து, பெருக்கி, மறுபடி கூட்ட வேண்டும்.

```python
def thiruppu(pts, mid, w):
    return [mid + (z - mid) * w for z in pts]
```

திருப்புவதும் பெரிதாக்குவதும் சேர்ந்து இந்த ஒரு வரிக்குள் முடிந்துவிட்டன. எத்தனை பாகை திருப்ப வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்தால் `cmath.rect(2, math.radians(30))` என்று எழுதி `w`-வைப் பெறலாம். இரண்டு மடங்கு, 30 பாகை என்று பொருள். `math.radians` விட்டுப்போனால் பைத்தான் 30-ஐ ரேடியனாக எடுத்துக்கொண்டு, நான்கு முறைக்கு மேல் முழுச் சுற்றுச் சுற்றி எங்கோ கொண்டுபோய் நிறுத்தும்.

ஆனால் படம் வரையும் செயலியைப் பயன்படுத்துபவர் 30 என்று தட்டச்சு செய்வதில்லை. படத்தின் ஓரத்தைச் சுட்டியால் பிடிக்கிறார், இழுக்கிறார். படம் கையோடு வர வேண்டும். வழக்கமான வழியில் போனால், பிடித்த இடத்தின் கோணத்தை `atan2` கொண்டு கண்டுபிடித்து, விட்ட இடத்தின் கோணத்தையும் கண்டுபிடித்து, கழித்து, 180 பாகையைத் தாண்டும்போது குறி மாறும் சிக்கலைச் சமாளித்து, மறுபடி சைனும் காஸும் போட்டு அணியை உருவாக்க வேண்டும். இவ்வளவும் வேண்டாம். நடுப்புள்ளியிலிருந்து சுட்டி இப்போது இருக்கும் இடத்தை, முதலில் பிடித்த இடத்தால் வகுத்தால் போதும். பிடித்த இடத்தை எதால் பெருக்கினால் இப்போதைய இடம் வரும் என்பதற்கான விடை அந்த ஈவுதான். அதே எண்ணால் மற்ற எல்லாப் புள்ளிகளையும் பெருக்கினால் படம் முழுக்கக் கையோடு வந்துவிடும்.

எண்களைப் போட்டுப் பார்க்கலாம். நடுப்புள்ளி (200, 200). சுட்டி அழுத்தப்பட்ட இடம் (250, 200), இழுத்து நிறுத்திய இடம் (260, 280). நடுவிலிருந்து கணக்கிட்டால் பிடித்த இடம் 50, இப்போதைய இடம் `60+80j`. வகுத்தால் `1.2+1.6j`. மேலே பார்த்த அதே எண், இரண்டு மடங்கும் 53 பாகையும். படத்தின் ஒரு முனை (210, 170)-இல் இருந்தது என்போம். நடுவிலிருந்து அது `10-30j`. பெருக்கும்போது மெய்ப்பகுதி 12 + 48 = 60, கற்பனைப்பகுதி 16 − 36 = −20. நடுப்புள்ளியைக் கூட்டினால் (260, 180). முனை அங்கே போய் நிற்கும். வேலை முழுவதிலும் ஒரு சைன் இல்லை, ஒரு காஸ் இல்லை.

நிரலில் இது இவ்வளவுதான்:

```python
def press(e):
    global start, base
    start = complex(e.x, e.y) - mid
    base = pts

def drag(e):
    global pts
    w = (complex(e.x, e.y) - mid) / start
    pts = thiruppu(base, mid, w)
    show()
```

முதலாவதை `<ButtonPress-1>` நிகழ்வோடும் இரண்டாவதை `<B1-Motion>` நிகழ்வோடும் இணைக்க வேண்டும். `show` என்பது புள்ளிகளை மறுபடி x, y என்று பிரித்து `canvas.coords`-க்குக் கொடுக்கும் சிறு செயற்கூறு. சரியாக நடுப்புள்ளியிலேயே அழுத்தினால் `start` பூஜ்யமாகி, வகுக்கும்போது `ZeroDivisionError` வரும். நடுவுக்கு மிக அருகில் அழுத்தினாலும் தொல்லைதான். இரண்டு பிக்சல் தூரத்தில் பிடித்து இருபது பிக்சல் இழுத்தால் படம் பத்து மடங்காக ஊதிவிடும். `abs(start)` பத்துக்குக் குறைவாக இருந்தால் அந்த அழுத்தலைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவது நல்லது.

சில செயலிகளில் ஒரு பிடி திருப்ப மட்டும், இன்னொன்று பெரிதாக்க மட்டும் என்று தனித்தனியாக இருக்கும். அதற்கும் புதுக்கணக்கு தேவையில்லை. `w / abs(w)` என்றால் திருப்பம் மட்டும் எஞ்சும், `abs(w)` என்றால் மடங்கு மட்டும். தொடுதிரையில் இரண்டு விரல் வைத்துப் படத்தைத் திருப்பி விரிப்பதும் இதே வகுத்தல்தான். விரல்கள் முதலில் (100, 100), (200, 100) என்ற இடங்களில் இருந்து, பிறகு (120, 150), (120, 350) என்ற இடங்களுக்கு வந்தன என்றால், விரல்களுக்கிடையே இப்போதுள்ள இடைவெளி `200j`, முன்பிருந்தது 100. ஈவு `2j`. இரண்டு மடங்கு, 90 பாகை. ஒரு புள்ளியிலிருந்து முதல் விரலின் பழைய இடத்தைக் கழித்து, `2j`-யால் பெருக்கி, அதே விரலின் புது இடத்தைக் கூட்டினால் நகர்வும் சேர்ந்துவிடும்.

திரையில் ஓட்டிப் பார்க்கும்போது ஒரு சந்தேகம் வரலாம். j-யால் பெருக்கினால் பள்ளித் தாளில் புள்ளி கடிகார முள்ளுக்கு எதிராகத் திரும்பியது. திரையிலோ கடிகாரத் திசையில் திரும்புகிறது. பெருக்கல் தவறவில்லை. திரையில் y கீழ்நோக்கி வளர்கிறது, அதனால் வலப்பக்கத்திலிருந்து j-யின் பக்கம் திரும்புவது என்றால் கீழே இறங்குவது. சுட்டியும் அதே திரை எண்களைத் தருவதால் இழுக்கும் நிரலில் இது தானாகச் சரியாகிவிடும். கோணத்தைக் கையால் கொடுக்கும் இடத்தில் மட்டும் குறியை மாற்றினால் போதும்.

மேலே உள்ள நிரலில் `base` என்று ஒரு நகல் வைத்திருப்பது ஏன் என்று கேட்கலாம். ஒவ்வொரு அசைவிலும் இப்போதுள்ள புள்ளிகளையே திரும்பத் திரும்பப் பெருக்கிக்கொண்டு போகக் கூடாதா? போகலாம், பைத்தானின் முழுத் துல்லியத்தோடு போனால் ஆயிரக்கணக்கான முறைக்குப் பிறகும் கண்ணுக்குத் தெரியும் பிழை வராது. துல்லியத்தைக் குறைத்தால்தான் ஆபத்து. பத்துப் பாகைத் திருப்பத்துக்கு `0.98+0.17j` என்று இரண்டு தசமத்தோடு நிறுத்திக்கொண்டார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். அதன் மட்டு ஒன்று அல்ல, ஏறத்தாழ 0.9946. முப்பத்தாறு முறை பெருக்கினால் படம் பழைய இடத்துக்கு வர வேண்டும். வந்து பார்த்தால் அளவு 82 சதவீதமாகச் சுருங்கியிருக்கும், சுற்றும் ஆறு பாகை குறைந்திருக்கும். படம் சுழலச் சுழலச் சிறுத்துக்கொண்டே போனால் முதலில் பார்க்க வேண்டியது `abs(w)` ஒன்றுதானா என்பதை.

பிக்சல் முழு எண்தானே என்று ஒவ்வொரு முறையும் `round` போடுவது இதைவிட மோசம். நடுவிலிருந்து 10 பிக்சல் தள்ளியிருக்கும் ஒரு புள்ளியை இரண்டு பாகை திருப்பினால் அது 0.35 பிக்சல்தான் நகரும். முழுமையாக்கினால் பூஜ்யம். நூறு முறை திருப்பினாலும் அந்தப் புள்ளி அசையாது. நூறு பிக்சல் தள்ளியிருப்பதோ ஒவ்வொரு முறையும் மூன்று பிக்சல் நகர்ந்துகொண்டே இருக்கும். உள்ளே இருப்பது நிற்க, வெளியே இருப்பது ஓட, படம் முறுக்கிக்கொண்டு உருத்தெரியாமல் போகும். மூலப் புள்ளிகளை அப்படியே வைத்துக்கொண்டு, `w`-வை மட்டும் மாற்றி, முழுமையாக்குவதைத் திரையில் வரையும் கடைசிக் கட்டத்தோடு நிறுத்திக்கொள்வதே சரி.

டிகின்டருக்கே உரிய ஒரு பொறியும் உண்டு. `create_rectangle` கொண்டு வரைந்த சதுரத்தை அது எதிரெதிர் மூலைகள் இரண்டாக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறது. நடுவிலிருந்து (−50, −50), (50, 50) என்ற அந்த இரு மூலைகளை 45 பாகை திருப்பினால் இரண்டும் நேர்க்கோட்டில், ஒன்றின் கீழ் ஒன்றாக வந்து நிற்கும். அகலம் பூஜ்யமாகி, சதுரம் ஒரு கோடாகத் தட்டையாகிவிடும். கணக்கு சரி, படம் தவறு. திருப்ப வேண்டிய சதுரத்தை நான்கு முனையுள்ள `create_polygon` ஆகவே வரைய வேண்டும். நீள்வட்டத்துக்கும் இதே கதி. அதை முப்பது நாற்பது முனையுள்ள பலகோணமாக மாற்றிய பிறகே திருப்ப முடியும்.

கலப்பு எண்ணால் முடியாத வேலைகளும் இருக்கின்றன. படத்தைக் குறுக்கில் மட்டும் இழுத்து அகலமாக்க வேண்டும் என்றால் அதற்கேற்ற `w` எதுவும் கிடையாது. பெருக்கல் எல்லாத் திசையையும் ஒரே மடங்கில்தான் வளர்க்கும், செங்கோணத்தைச் செங்கோணமாகவே வைத்திருக்கும், வட்டத்தை வட்டமாகவே விடும். எழுத்தைச் சாய்வாக்குவது போன்ற சரிவும் முடியாது. கண்ணாடிப் பிம்பத்துக்கு மட்டும் பெருக்குவதற்கு முன் `z.conjugate()` என்று ஒரு வார்த்தை சேர்த்தால் ஆகிவிடும். இன்னொன்று, பெரும்பாலான மொழிகள் பைத்தானைப் போல இதை உள்ளேயே தருவதில்லை. சி++ மொழியில் `std::complex` உண்டு. ஜாவாஸ்கிரிப்ட்டில் கிடையாது, பெருக்கல் விதியை நாமே ஒரு செயற்கூறாக எழுதிக்கொள்ள வேண்டும். வேகத்தை எதிர்பார்த்து இந்த வழிக்கு வருபவருக்கு ஏமாற்றம்தான் கிடைக்கும். ஒரு கலப்பெண் பெருக்கலுக்கும் இரண்டுக்கு இரண்டு அணிப் பெருக்கலுக்கும் ஒரு புள்ளிக்கு ஆகும் வேலை ஒன்றே, நான்கு பெருக்கல், இரண்டு கூட்டல் கழித்தல். மிச்சமாவது எழுதும் வரிகளும், கழித்தல் குறியைத் தேடும் நேரமும்.

இந்த வழியில் எழுதத் தொடங்கியவர் பின்னாளில் அணிக்கு மாற வேண்டி வந்தாலும் உழைப்பு வீணாகாது. எஸ்விஜி கோப்பில் `matrix(a b c d e f)` என்று ஆறு எண்கள் கொடுக்க வேண்டும். `w`-வின் மெய்ப்பகுதி a, கற்பனைப்பகுதி b என்றால், c என்பது −b, d என்பது மறுபடி a. கடைசி இரண்டும் `mid - w*mid` என்பதன் இரு பகுதிகள். நாம் போட்ட கணக்குக்கு அது இப்படி வரும்:

```
matrix(1.2 1.6 -1.6 1.2 280 -360)
```

(210, 170) என்ற முனையை இதில் கொடுத்தாலும் (260, 180) என்றே விடை வரும்.